ஓரத்தில் எழுதிய 'அனுமதி'

2024 ஜனவரியில் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில் நீல மையில் எழுதிய கடிதம். கீழே, "மாமா, இது சரியா இருக்கான்னு பாருங்க. நாளைக்குக் குடுக்கணும்" என்று ஒரு வரி.

அவள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தில் இருக்கிறாள். அவளும் இன்னும் ஏழு பேரும் சேர்ந்து, கோவையின் குளங்களை ஆறு மாதமாகப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர். நாற்பது படங்கள், எட்டு நிமிடத்தில் ஒரு வீடியோ. பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அன்றைக்குப் பள்ளி அரங்கில் கண்காட்சி வைக்க வேண்டும் என்பது திட்டம். பொறுப்பாசிரியர் தமிழம்மா, அதனால் கடிதமும் தமிழில். அதில் இருந்த விஷயம் இவ்வளவுதான்:

"ஐயா, வணக்கம். நீர்நிலைகள் நம் உயிர்நிலைகள். அவற்றைக் காப்பது நம் கடமை. இதனை மாணவர்களிடையே எடுத்துச் செல்லும் வகையில் எங்கள் மன்றம் சார்பில் கண்காட்சி நடத்த உள்ளோம். எனவே 02.02.2024 அன்று பள்ளி அரங்கத்தையும் ப்ரொஜெக்டரையும் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

முதல்வர் ஒரு பெண்மணி. 'ஐயா'வை 'அம்மா' ஆக்கு என்பது முதல் திருத்தம். மற்றபடி பிழையே இல்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தமிழ்த் தேர்வில் இந்தக் கடிதத்துக்கு முழு மதிப்பெண் போடுவார்கள். உறைமேல் முகவரி எழுதியிருந்தால் அதற்கும் சேர்த்து.

"இன்னும் எழுதணும் கண்ணு. இது பத்தாது" என்று போனில் சொன்னேன்.

"ஹால் வேணும், ப்ரொஜெக்டர் வேணும், தேதி இது. எல்லாம் இருக்குதே. வேற என்ன மாமா சொல்றது?"

கோபமாகத்தான் கேட்டாள். நியாயமான கோபம். பதினேழு வயதில் நான் எழுதியதும் கிட்டத்தட்ட இதே கடிதம்தான். அதற்கு உடனே அனுமதியும் கிடைத்தது. அனுமதி கிடைத்ததுதான் பிரச்சினையே. அதை அவளிடம் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

*

2008 அக்டோபர் 22 காலையில் சந்திரயான்-1 கிளம்பியது. நான் அப்போது பிளஸ் டூ. திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர். எங்கள் பள்ளியும் அந்தச் சுற்றுவட்டாரம்தான். ராக்கெட் எங்கள் ஊர் ஆலமரத்தடியிலிருந்து கிளம்பியது மாதிரி ஒரு பெருமை எங்களுக்கு. நவம்பர் 14 குழந்தைகள் தினத்தன்று நிலவைப் பற்றி ஒரு கண்காட்சி வைப்பது என்று ஐந்து பேர் முடிவு செய்தோம். சார்ட்டுகள், தெர்மாகோலில் ஒரு பிஎஸ்எல்வி, நண்பனுடைய அண்ணன் லேப்டாப்பில் ஒரு ஸ்லைடு ஷோ. கடிதத்தை நான் எழுதினேன். வகுப்பில் கட்டுரைப் போட்டிக்குப் போகிறவன் நான்தான் என்பதால்.

நான்கு வரி விண்வெளி, ஒரு வரி வேண்டுகோள். முதல்வர் வாங்கிப் படித்தார், சிரித்தார், ஓரத்தில் 'அனுமதி' என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். முழுதாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் அந்தத் தாளைச் சிலபஸ் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வெளியே ஓடினோம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அரங்கைத் திறந்தால், உள்ளே நூற்றுக்கும் மேல் பெஞ்சுகள். பத்தாம் வகுப்புக்குத் தேர்வு நடத்தி அப்படியே விட்டிருந்தார்கள். கடிதத்தில் 14ஆம் தேதி என்று மட்டும் இருந்தது. எத்தனை மணிக்கு, அதற்கு முன் யார் காலி செய்து தருவது, எதுவும் இல்லை. அனுமதி கொடுத்த முதல்வருக்கே பெஞ்சுகள் அங்கே கிடப்பது தெரிந்திருக்காது. தெரிந்த ஒரே ஆள் ஆய்வக உதவியாளர். நாங்கள் அவரை 'அண்ணன்' என்போம். லேப் சாவி, அரங்குச் சாவி, ப்ரொஜெக்டர் இருக்கும் இரும்பு பீரோவின் சாவி, மூன்றும் அவரிடம்தான் இருக்கும். அவருக்கு எங்கள் கண்காட்சியைப் பற்றி யாருமே சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை, முதல்வர் அறையிலிருந்தும் சொல்லவில்லை.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல தம்பி" என்றார். அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு பெஞ்ச் தூக்க வந்துவிட்டார்.

ப்ரொஜெக்டரை எடுத்து வந்தால் அதனுடன் இருந்த விஜிஏ கேபிள் ஐந்தடி. லேப்டாப் ப்ரொஜெக்டரின் மடியிலேயே உட்கார வேண்டும். திரையில் படம் பெரிதாக விழ வேண்டுமென்றால் ப்ரொஜெக்டர் அரங்கின் நடுவே போக வேண்டும். நடுவே பிளக் பாயின்ட் கிடையாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒயர் நடைபாதைக்குக் குறுக்கே கிடந்தது. கிழக்கு ஜன்னல்களில் திரைச்சீலை இல்லை. பத்து மணி வெயிலில் நிலவு, சுவரில் ஒரு சாம்பல் கறை மாதிரி தெரிந்தது.

இதெல்லாம் சங்கடங்கள். சமாளித்துவிட்டோம். அடுத்து நடந்ததைத்தான் சமாளிக்க முடியவில்லை.

அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. எங்கள் பகுதியில் எந்த நேரம் போகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். மாவாட்டுவது, மோட்டார் போடுவது எல்லாமே அதை வைத்துத்தான். வீட்டில் தெரிந்த ஒரு விஷயம் பள்ளிக்கும் பொருந்தும் என்று எங்கள் ஐந்து பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. சில நிமிடங்களில் வந்தது. நான் உடனே ப்ரொஜெக்டரை ஆன் செய்தேன். எரியவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அரை மணி நேரத்தில் மறுபடி கரண்ட் போனது. இந்த முறை வந்தபிறகு ப்ரொஜெக்டரின் சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டுச் சிமிட்டியது. பல்ப் போய்விட்டது.

காரணம் எனக்குப் பொறியியல் படித்த பிறகுதான் புரிந்தது. அந்த வகை ப்ரொஜெக்டரில் இருப்பது சாதாரண பல்ப் அல்ல. விரல் நுனி அளவு குவார்ட்ஸ் குமிழிக்குள் பாதரச ஆவி, அதன் நடுவே ஒரு மின்வில். பயங்கரச் சூடு, உள்ளே பயங்கர அழுத்தம். முறையாக ஆஃப் செய்தால் விளக்கு அணைந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் மின்விசிறி ஓடிச் சூட்டை வெளியே தள்ளும். பிளக்கைப் பிடுங்கினாலோ கரண்ட் போனாலோ விளக்கும் விசிறியும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். சூடு உள்ளேயே கிடக்கும். அந்தச் சூட்டில் மறுபடி ஆன் செய்தால் ஆவியின் அழுத்தத்தில் மின்வில் பிடிக்காது. பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டே இருப்பது விளக்கின் ஆயுளைத்தான் தின்னும். நான் செய்தது சரியாக அதையே.

பல்ப் ஏற்கெனவே வயதானதாகவும் இருந்திருக்கலாம். மெனுவில் `Lamp Hours` என்று ஓர் எண் இருக்கும், எத்தனை மணி நேரம் எரிந்தது என்று. அந்தக் காலத்து விளக்குகளுக்கு இரண்டாயிரம் மணி நேரம்தான் பொதுவான ஆயுள். யாரும் முன்கூட்டியே அதைப் பார்த்துக் குறித்து வைக்கவில்லை. அதனால் தவறு யாருடையது என்று நிரூபிக்கவும் வழியில்லை, இல்லை என்று நிரூபிக்கவும் வழியில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல்வர், கணக்கர், அண்ணன், நான். "ப்ரொஜெக்டரை எடுத்தது யாரு?" என்றார் முதல்வர். கணக்கர் பதிவேட்டைத் திறந்தார். அதில் அண்ணனின் கையெழுத்து இருந்தது. என் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அதில் "தந்து உதவுமாறு" என்று இருந்தது. யாரிடம் தர வேண்டும், யார் பொறுப்பு என்று ஒரு சொல்லும் இல்லை. கீழே 'இப்படிக்கு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள்'. ஒரு பெயர்கூட இல்லை.

நான் வாயைத் திறந்திருக்கலாம். "நான்தான் சார் திரும்பத் திரும்ப ஆன் பண்ணினேன்" என்று ஒரு வரி. சொல்லவில்லை. பிளஸ் டூ, டிசி, நன்னடத்தைச் சான்று என்று என்னவெல்லாமோ மனதில் ஓடியது. "நீ கிளாசுக்குப் போ" என்றார்கள். போய்விட்டேன்.

அடுத்த மே மாதம் மார்க் ஷீட் வாங்கப் போனபோது அண்ணன் லேப் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எத்தனை மார்க், எந்த காலேஜ் என்று விசாரித்தார். நானே கேட்டேன், அந்த பல்ப் என்ன ஆச்சுங்கண்ணா என்று.

"சம்பளத்துல மாசாமாசம் புடிச்சாங்க. போன மாசத்தோட முடிஞ்சுது. விடு."

"எங்களச் சொல்லியிருக்கலாமே அண்ணா."

"என்னன்னு சொல்றது தம்பி? லெட்டர்ல உங்க பேரு இல்ல. ரிஜிஸ்டர்ல என் பேரு இருக்குது."

குத்திக்காட்டுகிற தொனியே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரி சொன்னார். அதனால்தானோ என்னவோ, பதினைந்து வருடமாக அது அப்படியே கிடக்கிறது.

*

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ஒரு சின்ன மாற்றம் செய்யக்கூட ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: சரியாக வராவிட்டால் பழைய நிலைக்குத் திருப்புவது யார்? அதைக் காலியாக விட்டால் படிவம் மேலே நகராது. சேர்ந்த புதிதில் எல்லோரும் அதைச் சலிப்போடு நிரப்புவார்கள். நான் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

அக்கா மகளிடம் நான் சொன்னது இதுதான். கடிதத்தை முதல்வர் படிப்பார். ஆனால் வேலை செய்யப்போவது அவர் இல்லை. அவர் ஓரத்தில் ஒரு வரி எழுதி அனுப்பியதும், அரங்கைக் காலி செய்வது ஒருவர், பீரோவைத் திறப்பது ஒருவர், மாலையில் பூட்டக் காத்திருப்பது ஒருவர். நீ எழுதாமல் விடுகிற ஒவ்வொரு வரியும் அவர்களில் ஒருவர் தலையில் போய் விழும். பெரும்பாலும் இருப்பதிலேயே சம்பளம் குறைந்தவர் தலையில்.

"நாளைக்குக் குடுக்காத. நாளைக்குப் போய் ஹாலைப் பாரு. சாவி யாருகிட்ட இருக்குதோ அவர்கிட்ட மொதல்ல பேசு" என்றேன்.

மறுநாள் மாலை அவள் கொண்டுவந்த செய்திகள் எனக்கே புதிது. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு அரங்கில்தான் நடக்கிறது. பிப்ரவரி 1 வியாழன் மதியம் முடிகிறது. (அப்படியானால் பெஞ்சுகள் கிடக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது.) சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, போன வருடம்தான் பெயின்ட் அடித்தார்கள். ப்ரொஜெக்டர் ரிமோட்டில் பேட்டரி இல்லை. பள்ளியில் ஜெனரேட்டர் உண்டு, ஆனால் கரண்ட் போனால் அது பிடிக்க அரை நிமிடம் ஆகும். இதையெல்லாம் சொன்னவர் அங்கே உள்ள ஆய்வக உதவியாளர். மெனுவைத் திறந்து `Lamp Hours` காட்டச் சொல்லியிருந்தேன். 1740 என்று இருந்தது. அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள்.

பிறகு இருவரும் கணக்குப் போட்டோம். படங்கள் ஏ3 தாளில், 42 சென்டிமீட்டர் அகலம். இடைவெளி 18 விட்டால் ஒரு படத்துக்கு 60. நாற்பது படத்துக்கு 24 மீட்டர். அரங்கின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஜன்னல், கதவு போக 28 மீட்டர் இருந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு இடையே கயிறு கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிட்டால் ஆணியே வேண்டாம்.

ப்ரொஜெக்டருக்கு எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும் என்பதை அதன் 'த்ரோ ரேஷியோ' சொல்லிவிடும். தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருகிற எண் அது. இவர்களுடையதில் ஏறத்தாழ 1.8. இரண்டு மீட்டர் அகலத்துக்குப் படம் வேண்டுமென்றால் 3.6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்தபோது, பக்கச் சுவரின் பிளக் பாயின்ட்டுக்கு அங்கிருந்து நான்கு மீட்டர் என்று தெரிந்தது. ஒயரைச் சுவரோரமாகக் கொண்டுபோய்த் தரையோடு டேப் ஒட்ட வேண்டும்.

அரங்கின் ஜன்னல்கள் மேற்குப் பார்த்தவை. மதியத்துக்கு மேல் வெயில் நேராகத் திரையில் விழும். அதனால் வீடியோ காலையில் மட்டும். மதியம் படங்கள் போதும். இது தெரிந்ததும் கேட்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிட்டது. ப்ரொஜெக்டர் நாள் முழுக்க வேண்டாம், மூன்று மணி நேரம் போதும். குறைவாகக் கேட்பவர்களுக்குக் கொடுப்பது எந்த முதல்வருக்கும் சுலபம்.

கரண்ட்தான் கடைசி. ஜெனரேட்டர் பிடிக்கும் அந்த அரை நிமிடம் போதும் விளக்கைச் சூட்டோடு நிறுத்த. ப்ரொஜெக்டர் 300 வாட்ஸ் இழுக்கிறது. கணினி ஆய்வகத்தில் ஒரு 1 கேவிஏ யுபிஎஸ் சும்மா இருந்தது. படம் ஓட்டுவதற்கு அல்ல, அந்த இடைவெளியில் விசிறி நிற்காமல் இருப்பதற்கு.

மூன்றாவது வரைவில் கடிதத்தின் நடுப்பகுதி இப்படி வந்தது:

"பொருள்: மாணவர் ஒளிப்படக் கண்காட்சிக்கு அரங்கமும் ப்ரொஜெக்டரும் வேண்டுதல் தொடர்பாக.

அம்மா, வணக்கம். கோவைக் குளங்கள் பற்றி எங்கள் மன்ற மாணவர்கள் எடுத்த 40 படங்களையும் 8 நிமிட வீடியோவையும் 02.02.2024 வெள்ளியன்று காட்சிக்கு வைக்க விரும்புகிறோம். அன்று இயலாவிடில் 09.02.2024 எங்களுக்கு ஏற்றது.

1. அரங்கம்: வியாழன் மாலை 4 முதல் 6 வரை (ஏற்பாடு), வெள்ளி காலை 9 முதல் 4 வரை. தேர்வு பெஞ்சுகளை நாங்கள் எட்டுப் பேரும் ஓரமாக அடுக்கி, வெள்ளி மாலை பழையபடி போட்டுவிடுவோம். சுவரில் ஆணி அடிக்க மாட்டோம்.

2. ப்ரொஜெக்டரும் யுபிஎஸ் ஒன்றும்: வெள்ளி காலை 9 முதல் 12 வரை. வியாழன் மாலை ஒருமுறை ஓட்டிப் பார்க்க அனுமதி வேண்டும். விளக்கு இதுவரை 1740 மணி நேரம் எரிந்துள்ளது.

3. வகுப்புகள் தமிழம்மா தரும் பட்டியலின்படி 20 நிமிடத்துக்கு ஒன்றாக வரும். 10, 12 வகுப்புகளை அழைக்கவில்லை.

ப்ரொஜெக்டரைப் பெற்றுக்கொள்வதும் ஒப்படைப்பதும் என் பொறுப்பு. பதிவேட்டில் நானே கையெழுத்திடுகிறேன். பழுது ஏற்பட்டால் தமிழம்மா வழியாக நாங்கள் பதில் சொல்வோம்."

கீழே அவளுடைய பெயர், வகுப்பு. அதன் கீழ் தமிழம்மாவின் கையெழுத்து. கடைசியில் நகல்: உடற்கல்வி ஆசிரியர், ஆய்வக உதவியாளர். நீர்நிலைகள் உயிர்நிலைகள் என்ற வரியை எடுக்க அவளுக்கு மனசே வரவில்லை. அதைக் கண்காட்சியின் வாசல் பலகையில் எழுதிக்கொள் என்றேன்.

நகலில் ஆய்வக உதவியாளரின் பெயரையும் அவளே எழுதிவிட்டிருந்தாள். முந்தைய நாள் பேசும்போது கேட்டுக்கொண்டாளாம். பிறகு சாதாரணமாக என்னிடம் கேட்டாள், "உங்க ஸ்கூல்ல அந்த அண்ணா பேரு என்ன மாமா?"

எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடம் அந்தப் பள்ளியில் படித்திருக்கிறேன். அண்ணன், அவ்வளவுதான். பதிவேட்டில் அவர் கையெழுத்தைக்கூட நான் எட்டிப் பார்க்கவில்லை.

*

முதல்வர் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தார். அவளுக்கு அதுவே பயம். திரும்பி வந்தபோது ஓரத்தில் மூன்று குறிப்புகள் இருந்தன. அரங்கம்: அனுமதி. வியாழன் மாலை 5.30க்கு மாணவிகள் கிளம்பிவிட வேண்டும். ப்ரொஜெக்டர்: ஆய்வக உதவியாளர் உடனிருக்க, அனுமதி. என் கடிதத்துக்குக் கிடைத்த ஒற்றைச் சொல்லை நினைத்துக்கொண்டேன். அந்த முதல்வரும் நல்லவர்தான். ஆனால் யோசிப்பதற்கு நான் அவருக்கு எதையும் கொடுக்கவில்லை.

கண்காட்சியில் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. துணி கிளிப்புகள் ஏ3 தாளைத் தாங்கவில்லை, மின்விசிறி போட்டதும் ஆறேழு படங்கள் விழுந்தன. வீடியோவில் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் கேட்க மறந்திருந்தோம். நான் உட்பட. ஒரு பெண் எட்டு நிமிடமும் பக்கத்தில் நின்று வாயாலேயே சொல்லிச் சமாளித்திருக்கிறாள். கரண்ட் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே கால் மணிக்கு, நான் ஆபீஸில் ஒரு மீட்டிங்கில் இருந்தபோது, ஒரு படம் அனுப்பியிருந்தாள். பள்ளியின் பதிவேடு. 'ப்ரொஜெக்டர் 1, ரிமோட் (புது பேட்டரியுடன்), கேபிள் 1. விளக்கு 1743. ஒப்படைத்தேன்' என்று அவள் கையெழுத்து. பக்கத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று அந்த ஆய்வக உதவியாளரின் கையெழுத்து, முழுப் பெயரோடு. பெரிதாக்கி அந்தப் பெயரை இரண்டு முறை படித்தேன்.